மாதுளை மழைக்கு வெடிக்குதுன்னு சொல்றாங்க, ஆனா விஷயம் அதுக்கு முந்தின வறட்சியிலயே ஆரம்பிச்சிருது

போன வருஷம் ஆவணிக் கடைசியில மதுரையில ஒரு ராத்திரி விடாம மழை பேஞ்சுச்சு, விடிஞ்சு மாடிக்குப் போயி பாத்தா எங்க மாதுளையில பாதிக்கு மேல காய் வாயப் பொளந்துகிட்டு நிக்குது. சிலது மேல இருந்து கீழ வரைக்கும் கிழிஞ்சு உள்ள முத்தெல்லாம் தெரியுது, எறும்பு வேற ஏறியாச்சு. நாலு வருஷமா வளத்த மரம், மொத மொதல்ல நல்லா காய்ச்சது அந்த வருஷந்தான். எனக்கு அழுகையே வந்துருச்சு. யாராவது முன்னாடியே சொல்லிருந்தா அந்தக் காய்கள்ல முக்காவாசிய காப்பாத்திருக்கலாம். மாடியிலயோ வீட்டுப் பக்கத்துலயோ மாதுளை வச்சிருக்கவங்களுக்கு உதவட்டும்னுதான் நடந்தத அப்படியே எழுதுறேன்.

மரம் பகவா ரகம். பதியன் கன்னா வாங்குனது. 200 லிட்டர் நீல டிரம்ம பாதியா அறுத்து, செம்மண்ணு ஒரு பங்கு, மக்குன சாணி எரு ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்குன்னு கலந்து அதுல வச்சோம். மாடித் தோட்டம் போடுறவங்க முக்காவாசிப் பேரு இந்தக் கலவைதான் போடுவாங்க, வெயிட் கம்மி, தண்ணிய நல்லா புடிச்சு வைக்கும். இந்த நார்க்கழிவு பத்தி ஒரு விஷயம் அப்ப யாரும் சொல்லல, அத கொஞ்சம் கழிச்சு சொல்றேன்.

ஆடி மாசத்துல எங்க போர் மோட்டார் காயில் கருகிப் போச்சு. பைப்ப எல்லாம் வெளிய எடுத்து, மோட்டாரக் கட்டி, திரும்ப இறக்குற வரைக்கும் டிராக்டர் டேங்கர்ல லோடு 700 ரூபான்னு தண்ணி வாங்குனோம், கார்ப்பரேஷன் தண்ணி குடிக்கிறதுக்கும் சமைக்கிறதுக்கும் சரியா இருந்துச்சு. காசு குடுத்து வாங்குன தண்ணிய செடிக்கு வாரி ஊத்த முடியுமா. ஆனாலும் மரம் காய்ப்புல இருக்கேன்னு அரிசி களஞ்ச தண்ணி, கை கால் கழுவுன தண்ணின்னு புடிச்சு வச்சு, தெனமும் அரை வாளி ஊத்திகிட்டுதான் இருந்தோம். ஊத்துன கொஞ்ச நேரத்துல டிரம் அடியில இருக்க ஓட்டை வழியா தண்ணி வெளிய வந்துரும். அதப் பாத்துட்டு சரி, மரம் குடிச்சது போதும் போலன்னு எல்லாருமே நெனச்சோம்.

நெசத்துல மரம் குடிக்கவே இல்ல. நார்க்கழிவு நல்லா காஞ்சு போச்சுன்னா அது தண்ணிய சட்டுன்னு உறிஞ்சாது, மேல ஊத்துன தண்ணியில பெரும்பங்கு உள்ள எறங்காம வழுக்கிக்கிட்டு ஓடிரும். அதோட மண்ணு காயும்போது சுருங்கி டிரம் சுவத்த விட்டு ஒரு விரல் அளவு விலகி நிக்கும், ஊத்துற தண்ணி நேரா அந்த இடுக்கு வழியா அடிக்குப் போயி வெளிய வந்துரும். நடுவுல வேர் இருக்க எடம் பொடியா காஞ்சு கெடக்கும். மேல தொட்டா ஈரம், கீழ பாத்தா தண்ணி வருது, நடுவுல வறட்சி. இத கண்டுபுடிக்க ஒரு ஈசியான வழி இருக்கு, நீளமான மூங்கில் குச்சியோ கம்பியோ எடுத்து தண்ணி ஊத்தி ஒரு மணி நேரம் கழிச்சு நடு மண்ணுல முக்கால் அடி ஆழத்துக்கு குத்தி எடுங்க. குச்சியில மண்ணு ஒட்டிகிட்டு ஈரமா வந்தா பரவால்ல. தூசி மாதிரி காஞ்சு வந்துச்சுன்னா தண்ணி உள்ள போகலன்னு அர்த்தம்.

மரமும் அதோட கஷ்டத்த காட்டிகிட்டுதான் இருந்துச்சு. மத்தியானம் எலையெல்லாம் லேசா தொங்கும், சாயங்காலம் நிமிந்துரும். உள்பக்கத்து எலைங்க மஞ்சளாகி உதிந்துச்சு. காய் ஒரு சைஸுக்கு வந்து அப்படியே நின்னுருச்சு, தோலு பளபளப்பு போயி சொரசொரன்னு ஆச்சு. ஆடிக் காத்துக்கும் வெயிலுக்கும் அப்படித்தான் இருக்கும்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க, எங்களுக்கும் அது சரியாத்தான் பட்டுச்சு.

மோட்டார் வேலை முடியிறதுக்கு 9,000 ரூபாய்க்கு மேல ஆச்சு. தண்ணி வந்த சந்தோசத்துல அன்னைக்கே ஹோஸ் பைப்ப மாடிக்கு இழுத்து டிரம் நெறைய நெறைய விட்டாச்சு, இத்தன நாளா காஞ்சு கெடந்துச்சேன்னு மறுநாளும் விட்டோம். ரெண்டு மூணு காயில காம்புக்கு எதுத்தாப்புல, அந்தக் கிரீடம் மாதிரி இருக்குமே, அதுகிட்ட மயிரிழை மாதிரி கீறல் தெரிஞ்சுச்சு. அணில் நகம் பட்டிருக்கும்னு விட்டுட்டோம். அந்த வாரமே ராத்திரி மழை. அதுக்கப்புறம்தான் நான் ஆரம்பத்துல சொன்ன கோலம்.

எங்க அத்தை திருஷ்டி பட்டுருச்சுன்னாங்க. நான் வெடிச்ச காய் ஒண்ண எடுத்துகிட்டு ஒரு உரக் கடைக்குப் போனேன். காயக் கையில வாங்கிக் கூட பாக்கல, பூச்சியும் பூஞ்சாணமும் சேந்து இருக்கும்மான்னு சொல்லி ஒரு பூச்சி மருந்து, ஒரு பூஞ்சாண மருந்து, காய் பெருக்க ஒரு டானிக்னு மூணு பாட்டில் கட்டிக் குடுத்தாங்க, 860 ரூபா. அடிச்சேன். அடுத்த மழைக்கு இன்னும் நாலஞ்சு காய் வெடிச்சுச்சு. எனக்கு இன்னைக்கும் ஆறாதது என்னன்னா, அந்தப் பழமெல்லாம் வெடிச்ச அன்னைக்கே பறிச்சிருந்தா உள்ள முத்து நல்லாத்தான் இருந்திருக்கும், ஜூஸாவது போட்டிருக்கலாம். மருந்து அடிச்சாச்சு, தோலு வேற தெறந்து கெடக்கு, புள்ளைங்களுக்கு எப்படி குடுக்குறது. எல்லாத்தையும் பறிச்சுக் குப்பையில போட்டேன். அதனால மொத விஷயம் இது, மாதுளை வெடிச்சுதுன்னு கடைக்கு ஓடாதீங்க. வெடிச்ச காய ஒட்ட வைக்கிற மருந்து எங்கயுமே கெடையாது.

அந்த வாரம் உசிலம்பட்டிப் பக்கம் தோட்டம் வச்சிருக்க எங்க மாமா வீட்டுக்கு வந்தாரு. மாதுளையப் பாத்துட்டு, பக்கத்துல சன்ஷேடுக்கு அடியில இருந்த எலுமிச்சைத் தொட்டிக்கு என்ன மண்ணுன்னு கேட்டாரு. அதே கலவைதான் மாமா, மழை மட்டும் அதுல படாது, ஹோஸ் தண்ணி தெனமும் விடுறோம்னேன். ஒரு கம்பிய எடுத்து மண்ணக் கிண்டுனாரு. மேல ரெண்டு இஞ்சு சேறு, அதுக்குக் கீழ கைய விட்டா மாவு மாதிரி பொடி பறக்குது. ஒங்க மாதுளையும் இப்படித்தாம்மா கெடந்திருக்கும், ராத்திரி முழுக்க மெல்ல மெல்ல பேஞ்ச மழைதான் அத முழுசா நனைச்சிருக்கு, நீங்க ஊத்துனது எதுவும் முழுசா நனைக்கலன்னாரு. அப்புறம் அவரு சொன்னது எனக்கு அப்படியே மனசுல நிக்குது. "காஞ்ச காலத்துல தோலு இறுகிப் போகும்மா, இனிமே இழுவாது. திடீர்னு தண்ணி கெடச்சா உள்ள முத்து மட்டும் ஊதும். புள்ள வளந்துருச்சு, சட்டை வளரல, தையல் பிரியாம என்ன செய்யும்."

மழை நாள்ல இன்னொண்ணும் சேந்துக்குதாம். வெயில் நாள்ல வேர் எடுக்குற தண்ணியில பெரும்பங்கு எலை வழியா ஆவியாப் போயிரும். மழை பேஞ்சு காத்து ஈரமா இருக்கப்ப எலை வழியா போறது ரொம்பக் கொறஞ்சிரும், வேர் உறிஞ்சுறது மட்டும் நிக்காது, அந்தத் தண்ணி காய்க்குள்ளதான் வந்து சேரும். அதனாலதான் பகல்ல பாக்கும்போது நல்லா இருந்த காய் விடியக்காலையில வெடிச்சுக் கெடக்குது. பழுக்கப் போற பெரிய காய்தான் மொதல்ல போகும், ஏன்னா அதோட தோலு ஏற்கனவே முழுசா இழுத்து நிக்குது, பிஞ்சுக்கு இன்னும் வளர எடம் இருக்கு.

எல்லா வெடிப்பும் தண்ணியால வராது, அதையும் பிரிச்சுப் பாக்கத் தெரியணும். தண்ணி வெடிப்புல கிழிஞ்ச ஓரம் சுத்தமா இருக்கும், சுத்தி கருப்பு புள்ளி எதுவும் இருக்காது, மழைக்கு மறுநாளே ஒண்ணா பல காய்ல வரும். தோல்ல எண்ணெய் பட்ட மாதிரி கரும்புள்ளி வந்து அந்தப் புள்ளி மேலயே குறுக்கு நெடுக்கா வெடிச்சிருந்தா, எலையிலயும் அதே மாதிரி புள்ளி இருந்தா, அது பாக்டீரியா கருகல் நோய், வேற கதை. குண்டூசி தலை அளவு ஓட்டையும் அதுல இருந்து ஈரமா புழுக்கை மாதிரி வெளிய தள்ளிகிட்டும் இருந்தா காய்த்துளைப்பான் புழு உள்ள இருக்கு. காய் எலுமிச்சை அளவுல இருக்கப்பவே, மழையே இல்லாம, அங்கிட்டும் இங்கிட்டும் கீறல் விட்டுச்சுன்னா போரான் சத்து பத்தலன்னு சந்தேகப்படலாம். அதுக்கு போராக்ஸ் ஒரு லிட்டர் தண்ணிக்கு 2 கிராம் கலந்து காய் சின்னதா இருக்கப்பவே எலை நனைய தெளிக்கிறாங்க. மண்ணுல கொட்டிராதீங்க, தொட்டிக்குள்ள போரான் கூடிப் போச்சுன்னா எலை ஓரமெல்லாம் கருகிரும். அப்புறம், எங்க காயில மேக்கு வெயில் பட்ட பக்கத்துல மரக்கலர்ல தடிச்ச திட்டு இருந்துச்சு, நெறைய வெடிப்பு அந்தத் திட்டுல இருந்துதான் கெளம்பிருக்கு. வெயில் சுட்ட தோலு அது, இழுவவே இழுவாது.

காஞ்சு போன தொட்டிய எப்படி நனைக்கணும்ங்கிறதுதான் நான் எல்லாத்தையும் விட முக்கியமா சொல்ல வந்தது. காய் இருக்கப்ப ஒரேடியா ரொப்பக் கூடாது. கம்பியால டிரம் சுவத்துக்கும் தண்டுக்கும் நடுவுல ஏழெட்டு எடத்துல பாதி ஆழத்துக்கு மெல்ல குத்தணும், தண்டுகிட்ட வேண்டாம், தடிச்ச வேர் அறுந்துரும். சுவரோரம் விலகியிருக்க இடுக்குல மண்ணப் போட்டு அமுக்கி அடைக்கணும், இத செய்யலைன்னா மத்த எதுவும் பலிக்காது. அப்புறம் ஒரு செம்பு தண்ணி, கால் மணி நேரம் விட்டு இன்னொரு செம்பு, இப்படி காலையில நாலஞ்சு செம்பு, சாயங்காலம் நாலஞ்சு செம்பு. அடியில தண்ணி வர ஆரம்பிச்சா நிறுத்திரணும். ஒரு வாரம் போல இப்படி செஞ்சா நடு மண்ணு தானா ஈரத்தப் புடிக்க ஆரம்பிச்சிரும், குச்சி குத்திப் பாத்தாலே தெரியும். தண்ணி பாட்டில் மூடியிலயும் அடியிலயும் ஊசியால ஓட்டை போட்டு கவுத்து வச்சும் செய்யலாம், அதுவும் இதே வேலையத்தான் செய்யும். காய்ப்பு இல்லாத காலமா இருந்தா இவ்வளவு பொறுமை தேவையில்ல, நல்லா மூழ்க விட்டே நனைக்கலாம்.

ஈரம் புடிச்சதுக்கப்புறம் அத ஏத்த எறக்கம் இல்லாம வச்சிருக்கணும். எங்க டிரம்முக்கு நல்ல வெயில் காலத்துல காலையில 5 லிட்டர், சாயங்காலம் 3 லிட்டர் போல ஆகுது, மேகமூட்டமா இருந்தா பாதி போதும். ஒங்க தொட்டி அளவு, மண்ணு, மாடியில விழுற வெயில் இதுக்கேத்த மாதிரி இது மாறும், அதனால லிட்டர் கணக்க விட குச்சியத்தான் நம்பணும். மண்ணு மேல தேங்காய் மட்டைய நார்ப்பக்கம் கீழ பாத்த மாதிரி அடுக்கி அது மேல காஞ்ச எலையக் கொட்டி வச்சிருக்கேன், மத்தியானம் கையை விட்டா கூட உள்ள குளுந்து இருக்கு. கரும்பு ஜூஸ் கடையில சக்கை சும்மா குடுப்பாங்க, அதையும் காயப் போட்டு மூடாக்கா போடலாம், ஈரமா போட்டா எறும்பு மொய்க்கும்.

மழைக்குன்னு தனியா ஒரு ஏற்பாடு இருக்கு. நம்ம ஊர்ல ஆவணி, புரட்டாசியில சாயங்கால இடி மழை, அதுக்கப்புறம் ஐப்பசி அடைமழை. வானம் கருக்குதுன்னா பழைய பாலிதீன் ஷீட்ட தண்டச் சுத்திக் கட்டி, டிரம் விளிம்புக்கு வெளிய சரிவா தொங்க விட்டுருவேன், மழைத்தண்ணி வெளிய வடிஞ்சிரும். மழை விட்ட ஒடனே அவுத்துரணும், இல்லன்னா உள்ள புழுங்கிரும். தரையில மரம் வச்சிருக்கவங்க ஷீட் போட முடியாது, பாத்திய ஒரு பக்கம் வெட்டி விட்டு தண்ணி தேங்காம வடிய விடணும், அதுக்கு முந்தின வறட்சியில நாள் தவறாம கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடுத்திருக்கணும். ரெண்டாவது சொன்னதுதான் நெசமா காப்பாத்தும், எங்க மாமா தோட்டத்துல அதே மழை பேஞ்சும் ஏதோ ஒண்ணு ரெண்டுதான் வெடிச்சதாம், அவருக்கு சொட்டு நீர் வருஷம் பூரா ஓடுது.

மழைக்கு முன்னாடி வெளஞ்ச காயப் பறிச்சிர்றது இன்னொரு வழி. ஆனா மாதுளை மரத்துல இருந்து பறிச்சதுக்கப்புறம் பழுக்காது, அதனால வெளஞ்சுதா இல்லையான்னு பாக்காம பறிச்சா புளிப்பாத்தான் இருக்கும். பூ வந்ததுல இருந்து அஞ்சரை, ஆறு மாசம் ஆகும். வெளஞ்ச காய் உருண்டையா இருக்காது, பக்கமெல்லாம் லேசா தட்டையாகி மூலை மூலையா தெரியும், கிரீடத்தோட நுனி உள்பக்கமா சுருண்டு மூடும், விரலால சுண்டுனா கணீர்னு சத்தம் வரும். இந்த மூணும் இருந்தா மழைக்குக் காத்திருக்காதீங்க, காம்போட கத்தரிச்சு எடுத்துருங்க. காய முறுக்கிப் பிடுங்குனா காம்புகிட்ட தோலு கிழியும்.

இந்த வருஷம் பூவையே மாத்திகிட்டேன். தையில, மாசியில வந்த பூவ மட்டும் விட்டுட்டு, பங்குனியில இருந்து வந்ததெல்லாம் கிள்ளிப் போட்டேன். மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு, செக்கச்செவேல்னு பூவக் கிள்ளுறது. ஆனா அதனால பெரும்பாலான காய் ஆடிக் கடைசிக்குள்ள வெளஞ்சிருச்சு, பெரிய மழை வர்றப்ப மரத்துல கொஞ்சந்தான் பாக்கி. மேக்குப் பக்கத்துல பச்சை வலை கட்டுனேன், வெயில் நேரா படுற காய்க்கு வெள்ளைப் பேப்பர் கவர் போட்டேன். வலையும் கம்பியும் சேந்து 450 ரூபா ஆச்சு. வெடிச்சது ரெண்டே காய், ரெண்டும் கவர் போட விட்டுப்போன வெயில் சுட்ட காய். அந்த ரெண்டையும் அன்னைக்கே பறிச்சு, வெடிப்பு ஓரத்து முத்த ஒதுக்கிட்டு மிச்சத்த சாப்பிட்டோம், நல்லா இனிப்பு. ஒரு நாள் தாண்டி பாத்தீங்கன்னா உள்ள கருப்புப் பொடி மாதிரி பூஞ்சாணம் வந்திருக்கும், குட்டி ஈ மொய்க்கும், அத சாப்பிடக் கூடாது, மரத்துலயும் விட்டு வைக்கக் கூடாது.

ஊருக்குப் போறவங்களுக்கு ஒண்ணு. செடிக்கு தண்ணி ஊத்த யாரையாவது சொல்லிட்டுப் போனா, பொதுவா அவங்க ரெண்டு நாள் மறந்துட்டு மூணாம் நாள் ரெண்டு வாளியா ஊத்திருவாங்க, நல்ல மனசுலதான். காய் பெருசா இருக்க காலத்துல அதுதான் கெடுதி. நான் எதுத்த வீட்டுப் பையன்கிட்ட ஒரு அளவு செம்பக் குடுத்து, காலையில இத்தன, சாயங்காலம் இத்தன, ஒருவேளை விட்டுப்போச்சுன்னா மறுநாள் சேத்து ஊத்தாதே, வழக்கமான அளவே ஊத்துன்னு செவுத்துல சாக்பீஸால எழுதி வச்சுட்டுத்தான் போறேன்.